இபிட் எல்லாம் வேறு தீர்ப்பைக் காட்டுகிறது, அவசர உதவி

கடைசி_நேரம்
நாளை காலை சமர்ப்பிக்க வேண்டிய நீண்ட சட்டக் கட்டுரை. நடுவில் ஒரு பத்தி சேர்த்தேன். அதிலிருந்து, 'மேலே உள்ள அதே மூலம்' என்று சொல்ல அடிக்குறிப்புகளில் போட்ட இபிட் எல்லாம் தப்பான தீர்ப்பைக் காட்டுகிறது. வழிகாட்டி ஓரத்தில் "இது எதன் இபிட்?" என்று எழுதி அனுப்பிவிட்டார். எல்லா இபிட்டையும், முன்னால் வந்த குறிப்பை எண் சொல்லிக் காட்டும் சுப்ராவாக மாற்றினால் சரியாகிவிடுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

முகில்
எந்த மேற்கோள் முறை? எதில் தட்டச்சு செய்கிறீர்கள்? அது தெரியாமல் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

வாசுகி_எல்
மாற்றிவிடுங்கள். இபிட் முந்தைய குறிப்பை நம்பி நிற்கிறது. சுப்ராவில் எண் இருப்பதால் நடுவில் எது நுழைந்தாலும் கவலையில்லை. என் ஆய்வேட்டில் அப்படித்தான் செய்தேன்.

பழைய_பேனா
மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது. மேற்கோள் கையேட்டைத் திறந்து பார்க்கும் பழக்கமே போய்விட்டது. வாசுகி அவர்களே, அந்த எண்ணைக் கையால் அடித்திருந்தால் அதுவும் தப்பாகும். முன்னால் ஒரு குறிப்பு நுழைந்ததும் 41 என்பது 42 ஆகிவிடும், நீங்கள் அடித்த 41 அப்படியே நிற்கும். அப்புறம், அமெரிக்க மேற்கோள் முறையான புளூபுக்கில் தீர்ப்புகளுக்கும் சட்டங்களுக்கும் சுப்ரா போடுவதே வழக்கமில்லை. அது நூல், கட்டுரைகளுக்கு. புளூபுக்கில் இபிட்டும் கிடையாது, அதற்குப் பதில் `id.` தான்.

வாசுகி_எல்
என் ஆய்வேட்டில் பெரும்பாலும் நூல்கள்தான். அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை போல.

சட்டப்பித்து
எங்கள் இதழில் புளூபுக். ஒரு தீர்ப்பைச் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டுமென்றால், அதே குறிப்பிலோ முந்தைய ஐந்து குறிப்புகளுக்குள்ளோ அது வந்திருக்க வேண்டும். தாண்டிவிட்டால் முழு மேற்கோள். நான் ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஐந்து ஐந்தாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். இதற்கு ஏதாவது வழி உண்டா?

முகில்
அதற்குத் தனி இழை போடுங்கள் நண்பரே. இவருக்கு நாளை காலை.

கடைசி_நேரம்
மன்னிக்கவும், சொல்ல மறந்தேன். ஆஸ்கோலா, நான்காம் பதிப்பு. வேர்ட். மொத்தம் 140 குறிப்புகளுக்கு மேல். இப்போது ஒரு பகுதி இப்படி இருக்கிறது, 42 தான் புதியது:

```
41 Donoghue v Stevenson [1932] AC 562 (HL).
42 Hedley Byrne & Co Ltd v Heller & Partners Ltd [1964] AC 465 (HL).
43 ibid 580.
44 Caparo Industries plc v Dickman [1990] 2 AC 605 (HL); Anns v Merton London Borough Council [1978] AC 728 (HL).
45 ibid 617.
```

தாரணி
ஆஸ்கோலா என்றால் சுப்ராவை மறந்துவிடுங்கள், அதில் அந்தச் சொல்லே கிடையாது. சுருக்கப் பெயரும் `(n 41)` மாதிரி ஒரு குறிப்பு எண்ணும்தான்.

43-ஐப் பாருங்கள். முன்பு அதற்கு மேலே டொனாகு இருந்தது. 580-ஆம் பக்கம் அட்கின் பிரபுவின் 'அண்டை வீட்டார்' கோட்பாடு, சரியாக இருந்தது. இப்போது மேலே ஹெட்லி பைர்ன் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தத் தீர்ப்பு 465-இல் தொடங்கி 580-க்கு வெகு முன்பே முடிந்துவிடும். இப்படி இல்லாத பக்கத்தைக் காட்டும் இபிட்டை எளிதில் பிடிக்கலாம். பக்க எண் தற்செயலாகப் பொருந்திவிட்டால்தான் ஆபத்து, பார்வைக்கு எதுவும் தெரியாது. அதனால் `ibid` என்று தேடி, ஒவ்வொன்றிலும் மேலே உள்ள குறிப்பையும் உங்கள் வாக்கியத்தையும் சேர்த்துப் படியுங்கள். மொத்தமாக மாற்றும் கட்டளையைத் தொடாதீர்கள்.

45-இல் வேறு சிக்கல், அது புதிய பத்தியால் வந்தது இல்லை. 44-இல் இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து மறுபடி சுட்டுவதானால்தான் இபிட் போடலாம். உங்களுக்கு வேண்டியது கபாரோ மட்டும். ஆக:

```
43 Donoghue (n 41) 580.
45 Caparo (n 44) 617.
```

41, 44 என்ற அந்த எண்களைக் கையால் அடிக்காதீர்கள். `References` தாவலில் `Cross-reference`, வகை `Footnote`, கீழே `Footnote number`. அதற்குப் பிறகு குறிப்புகள் கூடினாலும் குறைந்தாலும் எண்ணைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஏதாவது ஒரு அடிக்குறிப்புக்குள் சொடுக்கிவிட்டு Ctrl+A, F9. கட்டுரையின் உடலில் நின்று அழுத்தினால் அடிக்குறிப்புகள் தேர்வாகாது, அதனால் பழைய எண்ணே இருக்கும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

முகில்
கூடவே, மூலக் குறிப்பையே அழித்துவிட்டால், புதுப்பித்ததும் எண் இருந்த இடத்தில் `Error! Bookmark not defined.` என்று வரும். சமர்ப்பிக்கும் முன் `Error` என்று ஒருமுறை தேடிவிடுங்கள்.

நூலகத்_தூண்
சோட்டெரோ மாதிரி மேற்கோள் மென்பொருள் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லையே? இபிட், எண் எல்லாம் தானாக மாறும்.

தாரணி
மாறும், ஆரம்பத்திலிருந்தே எல்லா மேற்கோளையும் அதன் வழியாகப் போட்டிருந்தால். கையால் அடித்த குறிப்பு அதன் கணக்கில் வராது. இன்று இரவில் 140 குறிப்புகளை உள்ளே ஏற்றச் சொல்லாதீர்கள்.

பழைய_பேனா
44-45 விஷயத்தில் ஒன்று. ஆன்ஸ் 728-இல்தான் தொடங்குகிறது, 617 என்றால் கபாரோதான் என்று வாசகருக்கே புரிந்துவிடும். இதற்கெல்லாம் விதி பேச வேண்டுமா?

தாரணி
புரியும் சார், ஆனால் அந்தக் கணக்கை வாசகர் ஏன் போட வேண்டும்? அதுவும் மதிப்பெண் போடுகிறவர்?

வாசுகி_எல்
இபிட்டையே தூக்கி எறிந்தால் என்ன? சிகாகோ கையேடு 2017-இல் வந்த 17-ஆம் பதிப்பிலேயே, அதற்குப் பதில் சுருக்க மேற்கோளே மேல் என்று சொல்லிவிட்டது.

பழைய_பேனா
சிகாகோ சொன்னால் சட்டத்துறை கேட்க வேண்டுமா? ஒரே தீர்ப்பை மூன்று பக்கம் தொடர்ந்து அலசும்போது பன்னிரண்டு முறை `Caparo (n 44)` என்று படிக்க எரிச்சலாக இருக்கும். அங்கே இபிட்தான் கண்ணுக்கு இதம். நாற்பது வருடமாக யாரும் வழி தவறவில்லை.

வாசுகி_எல்
தாளில் படித்தவர்கள் தவறவில்லை. திரையில் ஒரு எண்ணைச் சொடுக்கினால் `ibid 618` மட்டும் எட்டிப்பார்க்கிறது. அதற்கு மேலே உள்ளதும் இபிட், அதற்கும் மேலே இபிட். ஏணியில் ஏறுவது மாதிரி ஏற வேண்டியிருக்கிறது.

தாரணி
இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது. எழுதும்போது இபிட் அடிக்கவே வேண்டாம், சுருக்கப் பெயரும் இணைப்பு எண்ணும் போடுங்கள். பத்திகள் இடம் மாறி முடிந்த பிறகு, ஒரே தீர்ப்பு தொடர்ந்து வரும் இடங்களில் மட்டும் இபிட்டாக மாற்றலாம். நேரமில்லையென்றால் அப்படியே விட்டாலும் தப்பில்லை.

நீண்ட கட்டுரையில் எனக்கு உறுத்துவது வேறு. 130-ஆம் குறிப்பில் `(n 12)` என்று போட்டால் வாசகர் எத்தனையோ பக்கம் பின்னால் போக வேண்டும். விதிப்படி சரிதான். ஆனாலும் புதிய அத்தியாயத்தில் முதல் முறை வரும்போது நான் முழு மேற்கோளையே மறுபடி கொடுத்துவிடுவேன். சட்டங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. முதல் முறை முழுப் பெயரோடு ஒரு சுருக்கத்தைச் சொல்லிவிட்டால் பிறகு `HRA 1998, s 6` போதும், எண் தேவையில்லை.

பழைய_பேனா
முழு மேற்கோளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சொல் வரம்பு என்னாவது? அடிக்குறிப்பையும் சேர்த்து எண்ணும் இடங்கள் இருக்கின்றன.

தாரணி
அது உண்மைதான். கடைசி_நேரம், உங்கள் வரம்பில் அடிக்குறிப்பு சேருமா?

முகில்
ஆளைக் காணோம்.

கடைசி_நேரம்
சமர்ப்பித்துவிட்டேன். ஒன்பது இபிட் தப்பாக இருந்தது, அதில் இரண்டில் பக்க எண் பொருந்தியிருந்ததால் வாக்கியத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. சொல் வரம்பில் அடிக்குறிப்பு சேரும், அதனால் முழு மேற்கோளைத் திரும்பப் போடவில்லை. நன்றி தாரணி அக்கா.

சட்டப்பித்து
என் ஐந்து குறிப்புக் கணக்குக்கு யாராவது பதில் சொல்வீர்களா?