இரண்டு மணி நேரப் படத்தை அப்ஸ்கேல் செய்ய வீட்டு கணினியா, வாடகை கார்டா? உங்கள் கணக்கைச் சொல்லுங்கள்

தயாளன், பெரம்பூர்

எங்கள் நாடகக் குழு 2005ல் MiniDV டேப் கேமராவில் ஒரு முழுநீளப் படம் எடுத்தது. உரிமையெல்லாம் எங்களிடமே இருக்கிறது. டேப்பிலிருந்து எடுத்த கோப்பு 720×576, நொடிக்கு 25 ஃபிரேம், நீளம் சரியாக இரண்டு மணி நேரம். குழுவின் ஆண்டு விழாவில் பெரிய திரையில் போட வேண்டும் என்பதால் RealESRGAN_x4plus மாடலில் ஓட்டி, 1440×1152 அளவுக்குக் கொண்டுவரலாம் என்று முடிவு செய்தோம்.

முழுப் படத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டு அதிர்ச்சி அடைய நேரமில்லை. அதனால் முதலில் ஒரு நிமிடத் துண்டு வெட்டி ஓட்டினேன். வெட்டியது இப்படி:

```
ffmpeg -ss 00:40:00 -t 60 -i padam.dv \
  -vf bwdif=mode=send_frame -c:v ffv1 -an test.mkv
```

வீட்டில் இருப்பது 12 ஜிபி 3060 கிராபிக்ஸ் கார்டு. நொடிக்கு 1.1 ஃபிரேம் வந்தது. இனி கணக்கு சுலபம். இரண்டு மணி நேரம் என்றால் 7,200 நொடி, 25ஆல் பெருக்கினால் 1,80,000 ஃபிரேம். நொடிக்கு ஒரு ஃபிரேம் வந்தால் சரியாக 50 மணி நேரம். ஆக 50ஐ உங்கள் வேகத்தால் வகுத்தால் போதும். எனக்குச் சுமார் 45 மணி நேரம். 24 ஃபிரேம் படமாக இருந்தால் 50க்குப் பதில் 48 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்துக்கு, சுவரில் செருகும் மீட்டரில் பார்த்தேன். மொத்தக் கணினியும் 260 வாட் இழுக்கிறது. 45 மணி நேரத்துக்குச் சுமார் 12 யூனிட். எங்கள் வீட்டில் ரீடிங் எப்படியும் மேல் படிக்குப் போய்விடும், அதனால் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று போட்டாலும் 120 ரூபாய்தான்.

இணையத்தில் மணிக்கணக்கில் கிடைக்கும் வாடகை கார்டு பக்கம் 4090 ஒன்றுக்கு அன்றைக்கு நம் பணத்தில் மணிக்கு 50 ரூபாய் போல் கேட்டார்கள். நான்கு மடங்கு வேகம் வந்தால் 11 மணி நேரம், 550 ரூபாய். இந்தக் கணக்கில் எதை விட்டுவிட்டேன் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சுலைமான், அம்பத்தூர்

தயாளன் சார், என் அக்கா கல்யாண கேசட் விஎச்எஸ்ல இருக்கு. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் டேப்புக்கு இத்தனை என்று வாங்கிக்கொண்டு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். நீங்கள் சொல்லும் 120 ரூபாயில் அதையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்களா? டேப்பில் கோடு கோடாக வருவது இதில் போகுமா?

தயாளன், பெரம்பூர்

இல்லை சுலைமான் பாய். டேப்பைக் கோப்பாக மாற்றுவது தனி வேலை, தனிச் செலவு. என் கணக்கு அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. கோடுகள் இதில் போகாது, சில சமயம் இன்னும் கூர்மையாகவே தெரியும்.

கீதா, ஆதம்பாக்கம்

நான் வேறு மாதிரி கணக்கு போடுவேன். 3060ல் 12 ஜிபி, 4090ல் 24 ஜிபி. நினைவகம் இரண்டு மடங்கு, அதனால் வேகமும் இரண்டு மடங்குதான் வரும் என்று வைத்துக்கொண்டு வாடகைக்கு இருபத்து மூன்று மணி நேரம் ஒதுக்குவேன். என் 8 ஜிபி கார்டில் ஃபுல் எச்டி படத்தை ஓட்டியபோது நினைவகம் போதாமல் நின்றுவிட்டது. துண்டு துண்டாக டைல் போட்டுத்தான் ஓட்ட முடிந்தது, அப்போது வேகம் நன்றாகக் குறைந்தது. நினைவகம்தான் எல்லாம் என்பது அதில்தான் எனக்குப் புரிந்தது.

ரவி, கோடம்பாக்கம்

கீதா மேடம் சொன்னதில் பாதி சரி. ஃபிரேம் கார்டில் கொள்ளாவிட்டால் டைல் போட வேண்டும், டைலின் ஓரங்கள் இரண்டு முறை கணக்கிடப்படுவதால் வேகம் குறையும். ஆனால் ஃபிரேம் ஒரு முறை முழுதாகக் கொண்டுவிட்டால், அதற்கு மேல் மீதி நினைவகம் சும்மாதான் கிடக்கும். வேகத்தைத் தீர்மானிப்பது கார்டின் கணக்கிடும் திறன். தயாளன் தம்பியின் 576 வரிப் படம் 12 ஜிபியில் தாராளமாகக் கொள்ளும்.

மேடம், உங்கள் படம் நின்றதற்குக் காரணம் ஃபிரேமின் அளவு. வேலை எவ்வளவு என்பதை முடிவு செய்வது உள்ளே போகும் ஃபிரேமின் அளவு. 720×576 என்றால் 4,14,720 புள்ளிகள். 1920×1080 என்றால் 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. அதே கார்டு, அதே மாடல், அதே இரண்டு மணி நேரம், ஆனால் 45 மணி நேரம் 225 ஆகிவிடும். இன்னொருவர் டிவிடி படத்துக்குச் சொன்ன நேரத்தை வைத்து ஃபுல் எச்டி படத்துக்கு வாடகை கார்டு எடுக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். வெளியே 4கே ஆக்குகிறோமா, குறைத்து எடுக்கிறோமா என்பதால் இந்தப் பகுதி மாறாது, ஏனென்றால் x4 மாடல் எப்படியும் நான்கு மடங்குக்குப் போய்விட்டுத்தான் கீழே இறங்குகிறது.

தம்பி, சண்டைக் காட்சி, இருட்டுக் காட்சி என்று பல துண்டு வெட்ட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேகத்துக்காக வேண்டாம். இந்த மாடல் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகப் பார்க்கிறது. கறுப்பு ஃபிரேமுக்கும் கூட்டம் நிறைந்த ஃபிரேமுக்கும் ஒரே அளவு கணக்குதான். பல துண்டுகள் தரத்தைப் பார்க்கத் தேவை. முகம் மெழுகு பூசியது போல் ஆகிறதா என்பதை அருகில் வந்த முகத்திலும் தூரத்து முகத்திலும் பாருங்கள்.

வாடகை கார்டில் நான்கு மடங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அங்கேயே ஒரு நிமிடம் ஓட்டாமல் நம்பாதீர்கள். ஓடும்போது இன்னொரு சாளரத்தில்

```
nvidia-smi dmon -s u
```

போட்டு sm என்ற பத்தியைப் பாருங்கள். 95க்கு மேல் நின்றால் கார்டு முழு வேலை செய்கிறது. 50, 60 என்று ஊசலாடினால் கார்டு யாருக்கோ காத்திருக்கிறது. நீங்கள் வாடகை கொடுப்பது அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான்.

தயாளன், பெரம்பூர்

ரவி அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. வாடகை 4090ல் முதல் சோதனையில் நொடிக்கு 2.4 ஃபிரேம்தான். அதாவது 21 மணி நேரம், 1,050 ரூபாய். sm பத்தி 55ஐச் சுற்றியே இருந்தது. அந்த இயந்திரத்தில் எனக்குக் கொடுத்த சிபியு கோர்கள் மிகக் குறைவு. inference_realesrgan_video.py நிரல் ஃபிரேமைச் சுருக்குவதையும் வீடியோவாக எழுதுவதையும் சிபியுவில்தான் செய்கிறது. கார்டு ஒரு ஃபிரேமை முடித்துவிட்டு, சிபியு வாங்கிக்கொள்ளும் வரை நிற்கிறது.

நிரலின் Writer பகுதியில் `vcodec='libx264'` என்று ஒரு வரி இருக்கிறது. அதை `h264_nvenc` என்று மாற்றி, பிட் அளவைத் தாராளமாக வைத்தேன். கார்டிலேயே தனியாக இருக்கும் என்கோடர் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. வேகம் 4.2க்கு வந்தது. 50 வகுத்தல் 4.2, சுமார் 12 மணி நேரம், 600 ரூபாய். ஒரே வரியில் 450 ரூபாய் மிச்சம். பழைய ffmpeg இருக்கும் இயந்திரங்களில் nvenc இல்லாமல் வரலாம், அதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் சில்லறைச் செலவுகள் உண்டு. DV கோப்பு மணிக்கு 13 ஜிபி, மொத்தம் 26 ஜிபி. என் வீட்டு ஃபைபரில் ஏற்றும் வேகம் 50 எம்பிபிஎஸ், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கார்டை ஓடவிட்டுக்கொண்டே ஏற்றினால் அதற்கும் வாடகை. அதனால் முதலில் ஒரு சேமிப்பு இடத்தில் ஏற்றிவிட்டு அப்புறம் கார்டை எடுத்தேன். நிறுவும் நேரம், சோதனை, வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கி பிடிக்கும் கட்டணம் எல்லாம் சேர்த்து 800க்குள் வரும். கார்டை நிறுத்தினாலும் டிஸ்குக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், படத்தை இறக்கியதும் முழுதாக அழித்துவிடுங்கள்.

நித்யா, வேளச்சேரி

தயாளன் அண்ணா, வீட்டுக் கணக்கில் 120 ரூபாய் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு நிமிடச் சோதனை வேகத்தைக் காட்டும், சூட்டைக் காட்டாது. என் 3060 லேப்டாப்பில் முதல் பத்து நிமிடம் நொடிக்கு 1 ஃபிரேம் வந்தது. மே மாத மதியத்தில் அரை மணி நேரம் ஓடியதும் 0.7க்கு இறங்கிவிட்டது. 50 மணி நேரம் என்று நினைத்தது 71 ஆகிறது. வீட்டு கணினியில் சோதனையை மதிய வேளையில், குறைந்தது அரை மணி நேரம் ஓட்டித்தான் எண்ணை எடுக்க வேண்டும்.

சரி, ஏசி போடலாம் என்றால் ஒன்றரை டன் ஏசி சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் இழுக்கிறது. உங்கள் 45 மணி நேரத்துக்கு 45 யூனிட், அதே 10 ரூபாய்க் கணக்கில் 450 ரூபாய். கணினிக்கு 120, அறைக்கு 450. அப்போது வாடகை கார்டுக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் 230 ரூபாய்தான், கிளவுடில் இரண்டு நாள் அரை நாளாகிறது. இதில் இன்னொன்று, நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 490ல் நிற்க வேண்டிய வீடு இந்தப் படத்தால் 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ்ப் படிகளின் கட்டணமும் சேர்ந்து ஏறும். ஓட்டுவதற்கு முன் மீட்டரைப் பாருங்கள்.

இடையில் கரண்ட் போனால்? நான் படத்தைப் பத்து பத்து நிமிடத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் mkv ஆக எழுதவைத்தேன். எம்பி4 பாதியில் நின்றால் பொதுவாகத் திறக்காது, mkvயில் எழுதிய வரை கிடைக்கும். எது போனாலும் ஒரு துண்டுதான் போகும்.

ரவி, கோடம்பாக்கம்

நித்யா சொன்ன ஏசி கணக்கு சரி, ஆனால் ஏசிக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. டெஸ்க்டாப் 3060க்கு 170 வாட் வரை அனுமதி. `sudo nvidia-smi -pl 120` என்று குறைத்தால் வேகம் கொஞ்சம்தான் போகும், சூடு நன்றாகக் குறையும். ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டு ஓட்டிவிடலாம். லேப்டாப்பில் இந்தக் கட்டளை பெரும்பாலும் வேலை செய்யாது.

அவசரம் என்றால் வாடகையில் நான்கு கார்டு எடுத்து ஆளுக்கு அரை மணி நேரப் படமாகப் பிரியுங்கள். மூன்று மணி நேரத்தில் முடியும். நிறுவும் நேரம் மட்டும் நான்கு முறை, மற்றபடி வாடகை அதே 600தான்.

கீதா, ஆதம்பாக்கம்

தயாளன், உங்கள் கட்டளையில் send_frame என்று இருக்கிறது. வெறும் bwdif என்று போட்டால் அது தானாகவே நொடிக்கு 50 ஃபிரேம் ஆக்கிவிடுகிறது, நான் இன்று ஓட்டிப் பார்த்தேன். 3,60,000 ஃபிரேம், நேரமும் பணமும் இரட்டிப்பு. ஆனால் நடனக் காட்சி 50ல்தான் கேமராவில் பார்த்தது போல வழுக்கிக்கொண்டு போகிறது. 25ல் கை வீசும் இடத்தில் விட்டு விட்டுத் தெரிகிறது. எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?

தயாளன், பெரம்பூர்

குழுவில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள் மேடம். கேமரா பிடித்தவர் 50 வேண்டும் என்கிறார். இயக்கியவர், 50ல் சினிமா போல இல்லை, டிவி நிகழ்ச்சி போல இருக்கிறது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிடத் துண்டு இரண்டையும் புரொஜெக்டரில் போட்டுக் காட்டப் போகிறேன். 25 என்றால் வீட்டிலேயே, 120 வாட்டில். 50 என்றால் வீட்டில் நான்கு நாளுக்கு நெருங்கிவிடும், அப்போது வாடகைதான்.