‘இன்னொரு நாள் பார்க்கலாம்’ என்றால் எந்த நாள்? மும்பைத் தமிழர்களின் அனுபவங்கள்

முலுண்ட்வாசி:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த ஒருவர் இருக்கிறார், அவருக்கும் என்மேல் விருப்பமா என்று தெரியவில்லை. அவர் நெருல், நான் முலுண்ட். நண்பர் வீட்டுக் கொலுவில் அறிமுகம். அதன்பிறகு மாதுங்காவில் ஞாயிறு மதியம் இலைச் சாப்பாடு என்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. வழக்கம் என்கிறேனே தவிர, ஒவ்வொரு வாரமும் “இந்த ஞாயிறு வருகிறீர்களா?” என்று எழுதுவது நான்தான். எழுதினால் வந்துவிடுவார், தாமதித்ததே இல்லை. உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் பரிமாறுபவர் இலையை எடுக்கட்டுமா என்று கேட்கும்வரை பேச்சு ஓயாது.

போன ஞாயிறு ஹார்பர் பாதையில் மெகா பிளாக், அதாவது பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் நாள். மாதுங்கா நிலையத்தின் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து செய்தி: “வாஷிக்கு அந்தப் பக்கம் ரயில் இல்லை. இன்னொரு நாள் பார்க்கலாம்.” படியின் நடுவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த அம்மா, “ஓரமாக நில்லம்மா” என்று கையைப் பிடித்து நகர்த்தினார். அடுத்த செய்தியில் எந்த நாள் என்று வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று வியாழன். இன்னும் வரவில்லை. நான் எழுதாவிட்டால் இந்தப் பழக்கமே நின்றுபோகுமோ என்பதுதான் மனதை அரிக்கிறது. இதேபோல் யாருக்காவது நடந்திருக்கிறதா?

டோம்பிவிலி:

மெகா பிளாக் என்பது திடீரென்று வருவதில்லை. ஞாயிறு பிளாக் எந்தப் பகுதியில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடுகிறது. பெரும்பாலும் 11 மணியை ஒட்டித்தான் தொடங்கும். வர நினைத்தவர் 10 மணி ரயிலைப் பிடித்திருப்பார். இல்லையென்றால் சயான்–பன்வேல் நெடுஞ்சாலையில் பஸ் ஓடுகிறது. நான் என் மனைவியைப் பார்க்க டோம்பிவிலியிலிருந்து போரிவலிக்குப் போனவன். தாதரில் இறங்கி வெஸ்டர்ன் பாதைக்கு மாறும் அந்தப் பாலத்துக் கூட்டத்தை இங்கே எல்லோருக்கும் தெரியும். விருப்பம் இருந்தால் கால் தானே வழி கண்டுபிடிக்கும். அவருக்கு விருப்பம் இல்லை.

இரவுப்பணி:

டோம்பிவிலிக்காரர் இவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. நான் மருத்துவமனையில் செவிலியர். பணி நேரம் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்த வார அட்டவணை கைக்கு வரும்வரை என்றைக்கு ஓய்வு என்று எனக்கே தெரியாது. “சனிக்கிழமை சந்திக்கலாமா?” என்று நான் எப்படி முதலில் கேட்க முடியும்? ஆகவே திட்டம் போட்டதெல்லாம் அவர்தான். அதைக் கணக்கெடுத்தால் எனக்கு அக்கறையே இல்லை என்றுதான் முடிவாகும்.

ஆனால் அட்டவணை ஒட்டிய அன்றே அதைப் படம் எடுத்து, ஓய்வு நாள்களைச் சிவப்பில் வட்டமிட்டு அவருக்கு அனுப்பிவிடுவேன். வீட்டுக்கு அனுப்புவதற்கும் முன்பாக. “நீ வட்டம் போட்ட அந்தப் படம்தான் எனக்கு அழைப்பிதழ்” என்று கல்யாணத்துக்குப் பிறகு அவர் சொன்னார். முலுண்ட்வாசி, உங்கள் நண்பர் எந்த வேலையில் இருக்கிறார் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

முலுண்ட்வாசி:

வங்கி. ஞாயிறு எப்போதும் விடுமுறை.

பவாய்:

ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஒன்று இதற்குப் பொருந்தும். ஒருவர் சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் அடுத்த கேள்வி கேட்பவர்களைப் பற்றியது. அப்படிக் கேட்பவருக்கு உங்கள்மேல் ஆர்வம் இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் நண்பர் அப்படிக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்டால் கவலையை விடுங்கள்.

காப்பீட்டு முகவர்:

பவாய் நண்பரே, அந்தக் கணக்கில் எனக்கு இந்த ஊரில் பல நூறு பேர்மேல் காதல் இருக்க வேண்டும். அடுத்த கேள்வி கேட்பதுதான் என் தொழில். எந்த வாடிக்கையாளரின் மகன் எந்த வகுப்பு, யாருக்கு மூட்டுவலி, யாருடைய மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார் என்பதெல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கும். போன வாரம் ஒரு பெரியவர், “என் பேத்தியின் அரங்கேற்றத்தைக்கூட நினைவில் வைத்திருக்கிறீர்களே” என்று நெகிழ்ந்துபோனார். எனக்குக் கூச்சமாக இருந்தது. சின்ன விஷயத்தை நினைவில் வைப்பதை மட்டும் அளவுகோலாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். சிலருக்கு அது பழக்கம், சிலருக்குப் பிழைப்பு.

செம்பூர் அப்பா:

எங்கள் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஜாதகம் பொருந்தி, சேடா நகர் முருகன் கோயிலில் இரு குடும்பமும் பார்த்துப் பேசியாயிற்று. அதன்பிறகு பெண் வீட்டார் தொலைபேசியில் அழைக்கவே இல்லை. விருப்பம் இல்லை என்று நானும் விட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் வழக்கப்படி பிள்ளை வீட்டார்தான் முதலில் பேச வேண்டுமாம்; அவர்களும் எங்கள் அழைப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார்களாம்.

அம்மா முலுண்ட்வாசி, நீங்கள் இருவரும் படித்தவர்கள், சம்பாதிக்கிறவர்கள். இப்படி யார் முதலில் எழுதுவது என்று ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டிருப்பதைவிட, வீட்டில் சொல்லி, பெரியவர்களை விட்டுப் பேசச் சொல்லலாம். நேரில் கேட்கத் தயங்குவதை ஒரு மாமாவோ சித்தியோ கேட்டால் இரண்டு நாளில் பதில் வந்துவிடும். அவர் பெற்றோர் எந்த ஊர் என்று முதலில் விசாரியுங்கள். குலதெய்வம், பூர்வீகம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது. தை பிறந்துவிட்டால் மண்டபம் கிடைக்காது.

தானே ஆலோசகர்:

தம்பதியர், காதலர் ஆலோசனையில் நெடுநாளாக இருக்கிறேன். மேலே இரண்டு விஷயங்கள் கலந்துவிட்டன.

முதலில் பவாய் அவர்கள் சொன்ன ஆய்வு. அது காட்டியது, அடுத்தடுத்துக் கேள்வி கேட்பவரை மற்றவர்களுக்குப் பிடித்துப்போகிறது என்பதை. கேட்பவருக்குப் பிடித்திருக்கிறதா என்பது வேறு சங்கதி. முகவர் ஐயாவே அதற்குச் சாட்சி.

அடுத்தது, “எப்போதும் நான்தான் எழுதுகிறேன்” என்பது. 1979இல் கனடாவில் மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற இருவர் கணவனையும் மனைவியையும் தனித்தனியே அமர்த்தி, வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று குறிக்கச் சொன்னார்கள். இருவர் குறித்ததையும் கூட்டினால் பெரும்பாலும் நூறு சதவீதத்தைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு எளிதாக நினைவுக்கு வருகிறது, அடுத்தவர் செய்தது வருவதில்லை. ஆகவே மனக்கணக்கை நம்பாமல் செய்திகளை மேலே தள்ளி, அறிமுகமான நாளிலிருந்து படியுங்கள்.

படிக்கும்போது “எப்போதாவது சந்திப்போம்” என்பதைத் திட்டமாகக் கணக்கில் எடுக்காதீர்கள். நாள், நேரம், இடம் மூன்றும் உள்ளதுதான் திட்டம். திட்டம் கலைந்தபோது மாற்று நாளைச் சொன்னது யார் என்பதைத் தனியாகப் பாருங்கள். என் அனுபவத்தில் யார் தொடங்கினார் என்பதைவிட அதிகம் சொல்வது இதுதான். கூச்சசுபாவம் உள்ளவர் முதல் அழைப்பை விடுக்கத் தயங்கலாம். ஏற்கெனவே சம்மதித்த சந்திப்பை வேறு நாளுக்கு மாற்ற அவ்வளவு துணிச்சல் தேவையில்லை, மறுப்பு வரும் என்ற பயமும் அங்கே குறைவு. அதையும் செய்யவில்லை என்றால் அதைக் கூச்சம் என்று சொல்லத் தயங்குவேன்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணின் விஷயத்தை, அவள் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். காட்கோபரில் வீடு, அந்தேரியில் வேலை. அவள் மனதில் இருந்த கணக்குப்படி எல்லாத் திட்டமும் அவளுடையதுதான். செய்திகளைப் படித்தபோது உண்மையிலேயே முக்கால்வாசி அவளுடையதாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மழைநாளில் மெட்ரோ வரைகூட வர முடியாமல் அவள் ரத்து செய்தபோது, அந்தப் பையன் எழுதியிருந்தது இது: “செவ்வாய் உனக்கு வீணை வகுப்பு. புதன் ஏழரைக்கு? நான் காட்கோபர் வந்துவிடுகிறேன், நீ நனைய வேண்டாம்.” நினைவு, நேரம், முன்முயற்சி மூன்றும் அந்த ஒரே செய்தியில் இருந்தன. அப்படிப்பட்டவை வேறு மாதங்களிலும் இருந்தன. அவளோ அவற்றையெல்லாம் மறந்தே போயிருந்தாள். முகவர் ஐயாவின் சந்தேகத்துக்கும் இதில் பதில் உண்டு. நினைவில் வைத்ததைப் பேச்சில் சொல்லிக் காட்டுவது எளிது. அதற்கேற்பத் தன் நேரத்தை மாற்றிக்கொள்வதற்குத்தான் மனம் வேண்டும்.

ஒரு வாரத்துச் செய்தியை வைத்து முடிவெடுக்காதீர்கள். அறிமுகமான புதிதில் எல்லோரும் ஓடி வருவார்கள். பல மாதங்கள் ஒரே சீராக இருக்கிறதா, அல்லது வேறு வேலை கலைந்த அன்று மட்டும் உங்களைத் தேடுகிறார்களா என்று பாருங்கள்.

டோம்பிவிலி:

எல்லாம் சரி. ஆனால் காதலிப்பவர்கள் கணக்குப்பிள்ளையைப்போல் பேரேடு எழுத வேண்டுமா? நான் தாதர் பாலத்தில் நசுங்கியபோது எந்தக் கணக்கும் பார்க்கவில்லை.

இரவுப்பணி:

நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் மனைவி பார்த்திருப்பார். ஒவ்வொரு முறையும் போரிவலிக்கு வந்தது நீங்கள்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

புதியவர்:

நான் வேறு வழி சொல்கிறேன். எழுதுவதை நிறுத்திவிடுங்கள். ஒரு மாதம் மௌனம். அவர் தேடி வந்தால் விருப்பம்.

தானே ஆலோசகர்:

அதை நான் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் திடீரென்று மௌனமானால் அவருக்கு அது கோபமாகவோ விலகலாகவோ தெரியும், அவரும் ஒதுங்கிக்கொள்வார். செம்பூர் ஐயா சொன்ன இரண்டு வீடுகளின் கதையேதான். பந்து தன் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால்தான் அவர் எழுதாததற்கு அர்த்தம் உண்டு.

முலுண்ட்வாசி:

நேற்றிரவு உட்கார்ந்து படித்தேன். தொடக்கத்தில் இரண்டு முறை அவரே அழைத்திருக்கிறார். ஒன்று ஷண்முகானந்தா அரங்கில் கச்சேரி, டிக்கெட்டும் அவரே எடுத்திருந்தார். அது என் நினைவிலேயே இல்லை. ஆனால் கலைந்த சந்திப்புகளுக்கு மாற்று நாளைச் சொன்னது எல்லா முறையும் நான்தான். எனக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம் என்பதையும் அவர் இன்றுவரை பரிமாறுபவரிடம் சொன்னதில்லை, நான்தான் சொல்கிறேன். ஆனால் என் அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சை அன்று காலையில், நான் நினைவூட்டாமலே, எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார்.

ஆகவே மறைமுகமாகச் சோதிக்காமல் வெளிப்படையாகவே எழுதினேன்: “அடுத்த முறை நாளும் இடமும் நீங்கள் சொல்லுங்கள், எனக்கு அது பிடிக்கும்.” அரை மணி நேரத்தில் பதில் வந்தது: “சனிக்கிழமை?”

டோம்பிவிலி:

நேரமும் இல்லை, இடமும் இல்லை. ஆலோசகர் சொன்ன கணக்கில் இது சேராது.

இரவுப்பணி:

அரை மணி நேரத்தில் ஒரு நாளைச் சொல்லியிருக்கிறார். அதுவும் வழக்கமான ஞாயிறு இல்லை, பிளாக் தொல்லை இல்லாத நாள். நான் இதைச் சேர்ப்பேன்.

தானே ஆலோசகர்:

“சரி, எங்கே, எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேளுங்கள். மாதுங்கா, 12 மணி என்று நீங்களே நிரப்பிவிடாதீர்கள்.

முலுண்ட்வாசி:

அப்படியே கேட்டிருக்கிறேன். நீல நிற டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. வங்கி நேரம் முடியட்டும்.