58-இல் மடங்கிய ஆர்எஸ்ஐ: எல்லை மாறிவிட்டதா?

தனியார் வங்கிப் பங்கு ஒன்றை நாள் வரைபடத்தில், 14 நாள் ஆர்எஸ்ஐ கொண்டு, எட்டு மாதங்களாகக் கவனித்து வருகிறேன். ஆர்எஸ்ஐயை உருவாக்கிய வைல்டர் 1978-இல் தந்த 70, 30 கோடுகளை அப்படியே நம்பி, ஏறுமுகத்தில் இருமுறை 70-இல் விற்றேன். இருமுறையும் ஸ்டாப் லாஸ் அடிபட்டது. வாங்குவதற்கு 30 வரும் என்று காத்திருந்ததும் வீண், ஏனெனில் ஒவ்வொரு இறக்கமும் 40-க்கும் 45-க்கும் இடையிலேயே நின்று திரும்பியது.

ஆகவே ஏறுமுகத்துக்கு 40–80, இறங்குமுகத்துக்கு 20–60 என்று கோடுகளை நகர்த்தினேன். ஆறு வாரங்களுக்கு முன் ஆர்எஸ்ஐ 41-இல் இருந்தபோது வாங்கினேன். மூன்றே நாளில் அது 34-க்குச் சரிந்தது. பின்னர் வந்த மீட்சியில் 58 வரை ஏறி மடங்கிவிட்டது.

காலத்தை மாற்றியும் பார்த்தேன். 9 நாளில் கோடுகள் இரு பக்கமும் அடிக்கடி உடைகின்றன. 21 நாளில் ஆர்எஸ்ஐ 50-ஐ ஒட்டியே சுருங்கிவிடுவதால் 40, 60 என்ற எண்களே பொருந்தவில்லை. வார வரைபடத்தில் ஆர்எஸ்ஐ இன்னும் 52-இல் நிற்பதுதான் குழப்பம்.

34-இன் உடைப்பையும் 58-இன் தோல்வியையும் கொண்டு எல்லை இறங்குமுகத்துக்கு மாறிவிட்டதாக முடிவு செய்வதா, வார ஆர்எஸ்ஐயும் 40-ஐ உடைக்கும்வரை காத்திருப்பதா?