ஜார்ஜெட் புடவை காலோடு ஒட்டிக்கொள்கிறது, உதவி தேவை

மல்லேஸ்வரம்வாசி: பெங்களூரில் வேலை. ஜனவரி வந்தால் பாலியஸ்டர் ஜார்ஜெட் கட்டவே முடியவில்லை. காலையில் கொசுவம் நேராக விழுகிறது. ஆபீஸ் ஏசியில் கொஞ்சம் நடந்ததுமே முட்டிக்குக் கீழே சுருண்டு காலைச் சுற்றிக்கொள்கிறது. அவிழ்க்கும்போது படபடவென்று சத்தம். உள்ளே நைலான் ஷேப்வேர்தான் போடுகிறேன்.

ராதாமணி: பாவாடை ஓரத்துல ஒரு ஊக்கு குத்துங்க, போயிடும். கண்டிஷனர் தாராளமா ஊத்தி அலசுங்க.

தையல்கடை அக்கா: ஊக்கு குத்தின இடத்துல மட்டும் கொஞ்சம் அடங்கும்மா, முழுப் புடவைக்கும் போதாது. ஜார்ஜெட்டுல குத்தினா நூல் இழுத்துக்கும், ஷேப்வேர் தையல்லயே குத்துங்க. கோளாறே அந்த நைலான்தான். நைலான் மேல பாலியஸ்டர் உரசினா மின்சாரம் ஏறும். ரெண்டுமே ஈரம் பிடிக்காத துணி, அதனால ஏறினது இறங்க வழியில்ல. பெங்களூர் குளிர்காலக் காத்தும் ஏசியும் வறட்சி வேற. பருத்தி பாப்ளின் பாவாடைக்கு மாறிப் பாருங்க, பாதிக்கு மேல சரியாகும்.

கண்டிஷனரைத் தாராளமா ஊத்தாதீங்க, திட்டுத் திட்டா எண்ணெய்க் கறை மாதிரி நிக்கும். சோப்பு சுத்தமா போனப்புறம், அரை வாளித் தண்ணில ஒரு சின்ன மூடி கலந்து, அஞ்சு நிமிஷம் முக்கி, பிழியாம நிழல்ல போடுங்க. ஆபீஸ்ல ஒட்டிக்கிட்டா, கையை ஈரமாக்கி கொசுவத்தோட உள்பக்கம் லேசா தடவுங்க. காலுக்கு மாய்ச்சரைசர் போட்டாலும் நல்லது.

சென்னைப் பொண்ணு: எனக்கும் இதே பிரச்சினைதான்! குர்தியில பை உரசுற இடத்துல குட்டிக் குட்டி உருண்டையா வருது. கண்டிஷனர் போட்டா போயிடுமா?

தையல்கடை அக்கா: இது வேற சங்கதிம்மா, இது நூல் உருண்டை. பாலியஸ்டர் கலந்த துணியில உரசி வெளிய வந்த இழை சுருண்டுக்கும். பருத்தியில உருண்டை சீக்கிரம் உதிர்ந்துடும், பாலியஸ்டர் இழை பலமானது, விடாது. கண்டிஷனர் உருண்டையை எடுக்காது. கையால பிச்சா இன்னும் இழை வெளிய வரும். துணியை மேசையில இழுத்து விரிச்சு, லின்ட் ஷேவரை அழுத்தாம ஓட்டுங்க. துவைக்கும்போது உள்பக்கம் வெளிய திருப்பிப் போடுங்க, ஜீன்ஸோட சேக்காதீங்க. பை அங்கேயே உரசினா மறுபடி வரத்தான் செய்யும்.

ராதாமணி: எங்க ஊர்ல மழைக்காலத்துலயும் ஒட்டுதே, அதுவும் மின்சாரமா?

தையல்கடை அக்கா: அது வியர்வை ஈரம்மா. ஒட்டும், ஆனா பிரிச்சா சத்தம் வராது. அதுக்குக் காத்தாட தளர்வா கட்டணும், கண்டிஷனர் உதவாது.

மல்லேஸ்வரம்வாசி: பாப்ளின் பாவாடைக்கு மாறிவிட்டேன் அக்கா. கொசுவம் இப்போது நிற்கிறது, ஆனால் இடுப்பில் தடிமனாகத் தெரிகிறது. முந்தானை மட்டும் ரவிக்கை முதுகோடு இன்னும் ஒட்டுகிறது. ரவிக்கை லைனிங்கும் பாலியஸ்டர்தான், பருத்தியாக மாற்றித் தைத்தால் போதுமா?