புதுப்பிப்பு: தினசரி மனநிலைப் பதிவில் தேதி மாறிய சிக்கல்

முன்பு கேட்டது: "இரவு 9 மணிக்கு மனநிலையும் தெம்பும் கேட்கும் டெலிகிராம் பாட், காரைக்குடியிலுள்ள அப்பத்தாவின் சில பதில்களை மட்டும் மறுநாள் கணக்கில் சேர்ப்பது ஏன்?"

காரணம் தெரிந்துவிட்டது. செய்தியின் நேரம் உலகப் பொது நேரப்படி பதிவாவதால், நம் நேரம் காலை 5.30-க்குத்தான் அதில் நாள் மாறுகிறது. ஆகவே அப்பத்தா விடியற்காலை 5 மணிக்கு அனுப்பிய பதில் முந்தைய நாளிலும், 6 மணிக்கு அனுப்பியது அடுத்த நாளிலும் விழுந்தன. சர்வரை இந்திய நேரத்துக்கு மாற்றினால் போதும் என்ற தேவகோட்டை நண்பரின் யோசனை பாதிதான் சரி. மாற்றியபின் 5 மணிப் பதிலும் மறுநாளுக்கே போயிற்று. பதில் வந்த நேரத்தைப் பார்க்காமல், கேள்வியின் தேதியையே ஒவ்வொரு பதில் பொத்தானிலும், அதை அழுத்தினால் பாட்டுக்குத் திரும்பி வரும் `callback_data`-வில் வைக்குமாறு இன்னொருவர் சொன்னதுதான் பலித்தது. அதில் 64 பைட் வரைதான் இடமுண்டு, ஆனால் இதற்குத் தாராளம்:

```
2025-01-14|energy|3
```

பயனர், தேதி, கேள்வி மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதிவுதான் இருக்கலாம் என்று வைத்திருப்பதால், மறுபடி அழுத்தினால் பழைய எண் திருத்தப்படுகிறது. ரத்த அழுத்த மாத்திரையை நினைவூட்டுமா என்று கேட்டவருக்கு: இது கேட்டு எழுதி வைக்கும், அவ்வளவே. தூங்கி எழுந்தபின் சொல்லும் தெம்பு நேற்றையதா இன்றையதா என்பது இன்னும் தீரவில்லை. அதனால் பதில் வந்த நேரத்தையும் தனியாகச் சேமித்து வருகிறேன்.