பாதி ஆட்டத்தில் அறுந்துபோகும் கன்ட்ரோலர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சேலத்தான்

மூன்று வாரமாக ஒரே தொல்லை. கார் ரேஸ் ஆடிக்கொண்டிருப்பேன். மூன்றாவது சுற்று, இடப்பக்க வளைவு. குச்சியை விட்டுவிட்டாலும் கார் இடப்பக்கமே திரும்பிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நிற்கும். நாலைந்து விநாடி கழித்துத்தான் ‘கன்ட்ரோலரை இணைக்கவும்’ என்று திரையில் வரும்.

கம்ப்யூட்டரில் லினக்ஸ், பின்பக்கம் சிறிய புளூடூத் டாங்கிள். நான் உட்காரும் கட்டிலுக்கும் அதற்கும் ஆறடிகூட இருக்காது. கன்ட்ரோலர் முழுச் சார்ஜில் இருக்கும்போதும் இப்படித்தான். பழைய கால்பந்து கேம் ஒன்று வைத்திருக்கிறேன், அதை இரண்டு மணி நேரம் ஆடினாலும் ஒரு தடவைகூட அறுந்ததில்லை. ரேஸ் என்றால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போகும். கேமுக்கும் புளூடூத்துக்கும் என்ன சம்பந்தம்? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ரெண்டு செல்

பேட்டரிதான் தம்பி, வேறொன்றும் இல்லை. என்னுடையது இரண்டு பென்சில் செல் போடும் கன்ட்ரோலர். ரீசார்ஜ் செல்தான் போடுவேன். திரையில் மூன்று கோடு காட்டும், திடீரென்று செத்துவிடும். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், அது கடைசிவரை ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டுச் சட்டென்று விழும். 1.5 வோல்ட் சாதா செல்லை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுகிற மீட்டருக்கு அது புரிவதில்லை.

இன்னொன்று, எனக்குப் பெரும்பாலும் மோதும்போதுதான் அறும். மோதினால் உள்ளே மோட்டார் அதிரும், அது கரண்டை இழுக்கும், தளர்ந்த செல் தாங்காது. உனக்கும் சுவரில் முட்டும்போதுதானே போகிறது? கால்பந்தில் அவ்வளவு அதிர்வு கிடையாது. கணக்குச் சரியாக வருகிறது பார். ஒருநாள் அதிர்வை அணைத்துவிட்டு ஆடிப் பார்.

குச்சி

எனக்கும் இதே பிரச்சினை, தானாக இடப்பக்கம் போகும். குச்சியின் அடியில் தூசு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலை இரண்டு சொட்டு விட்டுச் சுற்றினேன், சரியாகிவிட்டது.

சேலத்தான்

குச்சி நண்பா, அது வேறு. எனக்குத் தானாக நகர்வதில்லை, இணைப்பே போகிறது.

ரெண்டு செல் அண்ணா, அதிர்வை அணைத்துவிட்டு நேற்று ஆடினேன். நாற்பது நிமிடத்தில் மூன்று தடவை போனது. யோசித்துப் பார்த்தால் முட்டியதால் அறவில்லை, அறுந்ததால்தான் முட்டுகிறது.

கோவை அம்மா

நான் ஆடுவதில்லை, என் மகன் ஆடுகிறான். எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம் வேறு, ஆனாலும் சொல்கிறேன்.

ஹாலில் டிவியோடு கேம் பெட்டி, மாடியில் அவன் லேப்டாப். கன்ட்ரோலர் ஒன்றுதான். லேப்டாப்பில் ஆடும்போது சார்ஜ் குறைந்தால் ஹாலுக்கு ஓடிவந்து பெட்டியில் ஒயரைச் செருகிப் பத்து நிமிடம் ஏற்றுவான். திரும்பப் போனால் லேப்டாப்போடு சேராது. லேப்டாப் பட்டியலில் பெயர் மட்டும் ஜம்மென்று இருக்கும், ‘இணைக்கப்பட்டது’ என்று ஒரு கணம் காட்டும், உடனே போய்விடும். இவன் பட்டனை அமுக்க அமுக்க, கீழே டிவிப் பெட்டி தானாக ஆன் ஆகும்! பேய் பிடித்துவிட்டது என்று என் மாமியார் சொல்லாத குறை.

கடைசியில் தெரிந்தது, எங்கள் மாடலுக்கு ஒரே ஒரு இடத்தைத்தான் நினைவு வைக்கத் தெரியும். பெட்டியில் ஒயரைச் செருகினாலே அதோடு ஜோடி சேர்ந்துகொண்டு லேப்டாப்பை மறந்துவிடுகிறது. லேப்டாப் மட்டும் பழைய உறவை நம்பிக்கொண்டு இருக்கிறது. இப்போது போன் சார்ஜரில்தான் ஏற்றுகிறோம். தப்பித்தவறிப் பெட்டியில் செருகிவிட்டால், லேப்டாப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிட்டு முதலிலிருந்து சேர்க்க வேண்டும். நீக்காமல் சேர்த்தால் எங்களுக்கு மறுபடி அதே கூத்துதான்.

ஒயர்லெஸ் தாத்தா

சேலத்தம்பி, நான்கு கேள்வி. அறும்போது கன்ட்ரோலர் விளக்கு உடனே அணைகிறதா, கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுப் பிறகு மின்ன ஆரம்பிக்கிறதா? டாங்கிள் எந்த போர்ட்டில்? அதற்குப் பக்கத்துப் போர்ட்டில் என்ன? ரேஸ் கேம் எந்த டிஸ்கில் இருக்கிறது?

ஒரு வேலையும் செய்யுங்கள். டெர்மினலில் இதை ஓடவிட்டுவிட்டு ஆடுங்கள், அறுந்ததும் வந்து பாருங்கள்.

```
sudo btmon
```

சேலத்தான்

விளக்கு உடனே அணைவதில்லை ஐயா, எரிந்துகொண்டே இருக்கிறது, அப்புறம் மின்னுகிறது. டாங்கிள் பின்பக்கம் கறுப்பு போர்ட்டில். அதை ஒட்டி, ஒரு விரல் இடைவெளியில், நீல போர்ட்டில் வெளி ஹார்டு டிஸ்க். ரேஸ் கேம் நூறு ஜிபிக்கு மேல் என்பதால் அந்த டிஸ்கில்தான் போட்டிருக்கிறேன். கால்பந்து உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில்.

நீங்கள் சொன்னதில் வந்த வரி:

```
Reason: Connection Timeout (0x08)
```

ஒயர்லெஸ் தாத்தா

உங்கள் பதிலிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த 0x08. கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் காத்திருந்து, சத்தமே வராததால் கைவிட்டது என்று பொருள். கன்ட்ரோலர் தானாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் 0x13 வந்திருக்கும். கம்ப்யூட்டர் காத்திருந்த அந்த நேரம்தான் உங்கள் கார் இடப்பக்கமே போன நாலைந்து விநாடி. கடைசியாக வந்த செய்தி ‘இடம்’, அதற்குப் பிறகு செய்தி இல்லை, ஆகவே கேம் அதையே பிடித்துக்கொண்டிருந்தது. பேட்டரி படாரென்று செத்தாலும் 0x08தான் வரும், அதனால்தான் விளக்கைக் கேட்டேன். விளக்கு எரிகிறது என்றால் கன்ட்ரோலருக்கு உயிர் இருக்கிறது, பேச்சுதான் போய்ச் சேரவில்லை.

இப்போது அந்த நீல போர்ட். யுஎஸ்பி 3 ஒயரில் டேட்டா விநாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஓடும் சிக்னல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் முழுக்க இரைச்சலைக் கொட்டும். புளூடூத் குடியிருப்பதும் அங்கேதான். 2012-இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. டிஸ்கின் பெட்டி, ஒயர், போர்ட் எல்லாமே கசியும். பாதுகாப்பு உறை சரியில்லாத மலிவு ஒயர் என்றால் இன்னும் மோசம்.

வைஃபை என்றால் புளூடூத் சமாளித்துவிடும். 79 சேனல்களில் விநாடிக்கு 1,600 தடவை தாவும் சாதனம் அது. வைஃபை அதில் ஏறத்தாழ இருபதை அடைத்துக்கொண்டால், அந்த இருபதையும் விட்டுவிட்டு மற்றவற்றில் தாவும். தெருவில் ஒரு பக்கம் பந்தல் போட்டால் மறுபக்கம் நடப்பதுபோல. ஆனால் இந்த இரைச்சல் தெரு முழுக்க நிற்கும் வெள்ளம், எங்கே தாவினாலும் தண்ணீர்.

சேலத்தான்

ஆனால் டாங்கிள் கறுப்பு போர்ட்டில்தானே ஐயா இருக்கிறது? அது யுஎஸ்பி 2 ஆயிற்றே.

ஒயர்லெஸ் தாத்தா

இரைச்சல் போர்ட் வழியாக வருவதில்லை, காற்றில் வருகிறது. டாங்கிளின் ஆன்டெனா நகம் அளவு, அது ஒரு விரல் தூரத்தில் இருக்கிற டிஸ்க் ஒயரைத்தான் உரக்கக் கேட்கிறது. ஆறடியில் இருக்கிற உங்கள் கன்ட்ரோலர் அதற்கு முணுமுணுப்புதான். போதாக்குறைக்குக் கேபினெட்டின் இரும்பு நடுவில்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கால்பந்தை ஆடிக்கொண்டே வெளி டிஸ்கில் பெரிய ஃபைல் ஒன்றை காப்பி செய்யுங்கள்.

லேப்டாப் ராணி

நடுவில் ஒன்று. தாத்தா சொல்வதுபோல வைஃபையைப் புளூடூத் எப்போதும் சமாளிப்பதில்லை. என் லேப்டாப்பில் இரண்டுக்கும் ஒரே கார்டு. பெரிய டவுன்லோடு ஓடும்போது கன்ட்ரோலர் திக்கித் திக்கி வேலை செய்யும், சில சமயம் அறுந்தே போகும். ரூட்டரில் லேப்டாப்பை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், நின்றுவிட்டது.

ஒயர்லெஸ் தாத்தா

சரிதான் அம்மா. ஒரே கார்டு என்றால் இரண்டும் முறைவைத்துத்தான் பேச வேண்டும், அதை விட்டுவிட்டேன்.

சேலத்தான்

சோதித்துவிட்டேன். மூன்று வாரத்தில் ஒருமுறைகூட அறாத கால்பந்து, 40 ஜிபி காப்பி ஓட ஆரம்பித்த மூன்றாவது நிமிடத்தில் அறுந்தது. நின்ற இடத்திலேயே என் கோல்கீப்பர் கோலை வாங்கினான். காப்பியை நிறுத்திவிட்டுச் சேர்த்தேன், ஆடினேன், ஒன்றுமில்லை. மறுபடி காப்பி, மறுபடி அறுந்தது.

பிறகு டிஸ்கைக் கறுப்பு போர்ட்டுக்கு மாற்றினேன். அறவில்லை, ஆனால் ரேஸ் திறப்பதற்குள் டீ போட்டுவிடலாம், அவ்வளவு மெதுவு. அதனால் டிஸ்கைப் பழையபடி நீல போர்ட்டிலேயே வைத்துவிட்டு, ரிச்சி தெருவிலிருந்து நண்பன் வாங்கிவந்த ஒரு மீட்டர் யுஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் ஒயரில் டாங்கிளை மாட்டி மேசையின் முன் விளிம்பில் டேப் போட்டு ஒட்டினேன். காப்பியும் ரேஸும் ஒன்றாக ஓடி முக்கால் மணி நேரம், ஒரு தடவைகூட இல்லை. தலைப்பில் ‘தீர்ந்தது’ என்று போட்டுவிடலாமா?

ரெண்டு செல்

போடு போடு. ஆனால் என்னுடையது பேட்டரிதான், புதுச் செல் போட்டதும் சரியானது, அதையும் எழுதிவிடுகிறேன். என் கன்ட்ரோலரில் அறும்போது விளக்கு உடனே அணைந்துவிடும்.

சேலத்தான்

அவசரப்பட்டுவிட்டேன். ஒன்பது நாள் ஒழுங்காக இருந்தது, ஞாயிறு சாயங்காலம் ஒரு தடவை போய்விட்டது. ஆடிக்கொண்டிருந்தபோதேதான். `btmon` ஓடிக்கொண்டிருந்தது, இந்தத் தடவை வரி வேறு:

```
Reason: Remote User Terminated Connection (0x13)
```

விளக்கும் உடனே அணைந்தது.

ரெண்டு செல்

நான் முதல் நாளே சொன்னேன்!

ஒயர்லெஸ் தாத்தா

இருங்கள். இது கன்ட்ரோலர் தானாக விடைபெற்றுப் போனது, இரைச்சல் இல்லை. சார்ஜ் தீர்ந்தால் ஒழுங்காகச் சொல்லிவிட்டு அணையும் மாடல்கள் உண்டு. நடுப் பட்டனில் கட்டைவிரல் சில விநாடி அழுந்தியிருந்தாலும் இதே வரிதான். அன்று கடைசியாக எப்போது சார்ஜ் போட்டீர்கள்? கன்ட்ரோலருக்கு எத்தனை வயது?

சேலத்தான்

ஐந்து வருஷம் ஆகிறது. சார்ஜ் வெள்ளிக்கிழமை போட்டது என்று நினைக்கிறேன், திரையில் பாதிக்கு மேல் காட்டியது. கட்டைவிரலைப் பற்றிச் சத்தியம் செய்ய முடியாது, வளைவில் இறுக்கிப் பிடிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இன்று முழுதாக ஏற்றிவிட்டு எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று குறித்துவைக்கிறேன். ‘தீர்ந்தது’ என்பதை எடுத்துவிட்டேன்.