ஒத்திசைவில் முளைக்கும் இரண்டாவது கோப்பு: என்ன பெயர் வைக்கலாம்?

மங்கை:
எங்கள் குழுவின் கோப்புக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இணைப்பில்லாத நேரத்தில் இருவர் ஒரே கோப்பைத் திருத்தினால், பிறகு சிங்க்திங் என்ற ஒத்திசைவு மென்பொருள் இரண்டையும் வைத்துக்கொள்கிறது. ஒன்று பழைய பெயரிலேயே இருக்கும். மற்றொன்று இப்படி வரும்:

```
arikkai_2024-03-05.sync-conflict-20240306-161530-K7QRT2M.odt
```

வரைவில் இதை ‘மோதல் நகல்’ என்று எழுதினேன். படித்தவர்கள் உபரி நகல் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். வேறு சொல் உண்டா?

சேகரன்:
‘காப்பு நகல்’ போதுமே, அம்மா. பழையதைத்தானே ஒதுக்கி வைக்கிறது? அழித்தாலும் நட்டமில்லை.

இளவழகன்:
பழையது என்பது பாதி சரி, சேகரன். கடைசியாகச் சேமித்த நேரம் எதற்கு முந்தியதோ, அதற்குத்தான் இந்தப் பெயர் விழும். உள்ளே என்ன இருக்கிறது என்று மென்பொருள் பார்ப்பதில்லை. ஒருவர் மூன்று பக்கம் புதிதாக எழுதி 4 மணிக்குச் சேமிக்கிறார். இன்னொருவர் முந்தைய நாள் கோப்பில் ஒரு காற்புள்ளியைத் திருத்தி 4.10-க்குச் சேமிக்கிறார். காற்புள்ளிக்காரர் கோப்புதான் அசல் பெயரில் நிற்கும். மூன்று பக்கமும் ஒதுக்கப்பட்டதில் கிடக்கும். அதை அழித்தால் அந்த அழிப்பும் எல்லாக் கணினிகளுக்கும் பரவும். அதனால்தான் ‘காப்பு’ என்ற சொல் இங்கே ஆபத்து. ஒத்திசைவுக்கு வெளியே, கழற்றி வைத்த வட்டில் இருப்பதே காப்பு.

‘நகல்’ என்பதும் பொருந்தாது. அது எதற்கும் நகல் இல்லை. ‘கிளைக்கோப்பு’ என்று சொல்லிப் பார்க்கலாம்.

பரிதி:
எனக்கும் இதே தொல்லைதான். 5-3-2024, 6-1-2024 என்று பெயரிட்டால் வரிசை குலைந்துபோகிறது.

இளவழகன்:
அது வேறு சிக்கல், பரிதி. ஆண்டை முன்னால் வைத்து, மாதத்தையும் நாளையும் இரண்டு இலக்கமாக எழுதுங்கள்: 2024-03-05. தீர்ந்தது.

சேகரன்:
நேரக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் ‘கிளை’ வேண்டாம், ஐயா. நிரலாளர்கள் அதை கிட் என்ற நிரல் பதிப்புக் கருவியில் வேண்டுமென்றே பிரித்த தனிப் பாதைக்குச் சொல்கிறார்கள். இது தானாக நேர்வது. ‘பிணக்குக் கோப்பு’?

மங்கை:
பிணக்கு என்றால் ஊடல் நினைவுக்கு வருகிறது! இப்போதைக்கு ‘முரண்கோப்பு’ என்று எழுதுகிறேன். கையேட்டில் வழிமுறையையும் சேர்த்துவிட்டேன். வாரம் ஒருமுறை ஒருவர் இதை ஓட்டித் தேட வேண்டும்:

```
find . -name "*.sync-conflict-*"
```

கிடைப்பதை அசலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, இரண்டையும் இணைத்து, அன்றைய தேதியிட்ட பெயரில் சேமிக்க வேண்டும். எழுதிய இருவரும் பார்த்த பிறகே முரண்கோப்பை நீக்கலாம்.

இளவழகன்:
ஒப்புகிறேன். ஒன்று மட்டும் பாக்கி. 2025-இல் வந்த 2.0-க்கு முந்தைய சிங்க்திங் பதிப்புகளில், ஒருவர் அழித்து, மற்றவர் திருத்தியிருந்தால் திருத்தியதே வெல்லும். அழித்தவர் கணினியில் கோப்பு பழைய பெயரிலேயே திரும்பி வரும். எந்த ஒட்டும் இருக்காது, உங்கள் தேடலிலும் சிக்காது. அதை முரண்கோப்பு என்று சொல்ல முடியாதே?

சேகரன்:
‘மீள்கோப்பு’ என்றால் காப்பிலிருந்து மீட்டதோடு குழம்பும். யோசித்து எழுதுகிறேன்.